விலைப்பட்டியலின் அடிப்பகுதியை அமைக்கும் முறை

பகேரியாவில் தொழில் புரிவோர் தம் விலைப்பட்டியலின் அடியில் வங்கி விவரத்தை வரி எண்ணுடன் ஒரே வரியில் நெருக்கி அச்சிடுவதுண்டு. பணம் செலுத்துபவர் தடுமாறுவது அங்கேதான்.

இத்தாலிய ஐபான் 27 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. அதனைத் தனி வரியில், நான்கு நான்காகப் பிரித்து எழுதுக:

```
IT60 X054 2811 1010 0000 0123 456
```

அதன் மேல் கணக்குரிமையாளர் பெயர் வங்கியில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். 2025 அக்டோபர் முதல் வங்கிகள் பெயரையும் ஐபானையும் ஒப்பிடுகின்றன. கடைப் பலகையிலுள்ள பெயரை எழுதினால் செலுத்துபவருக்கு எச்சரிக்கை தோன்றக்கூடும்.

அடுத்த வரியில், "கவுசாலே" என்னும் இடத்தில் நிரப்பவேண்டிய சொற்களை அப்படியே தருக: `Fattura 14/2026`. ஒரே தொகைக்கு இரு பட்டியல்கள் இருப்பின், எது தீர்ந்தது என்பதை இவ்வெண்ணே காட்டும்.

"30 நாட்களுக்குள்" என்பதினும் நாளைக் குறிப்பதே தெளிவு. மார்ச் 3 தேதியிட்ட பட்டியலுக்கு ஏப்ரல் 2 என எழுதுக. வணிகர்களுக்கிடையிலான கடனுக்கு, மறுநாள் முதலே 231/2002 ஆணையின்படி வட்டி சேரும்: ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்துடன் 8 சதவீதப் புள்ளிகள். இதற்கு ஒரு வரி போதும். வீட்டு வாடிக்கையாளருக்கு இவ்வாணை பொருந்தாது. அவர்தம் பட்டியலில் அவ்வரியை நீக்கிவிடுக.