ஒரே டாப்பர், ஐந்து விளம்பரங்கள்

சிவில் சர்வீஸ் தேர்வு முடிவு வந்த கையோடு, ஒரே டாப்பரின் படம் நாலைந்து கோச்சிங் சென்டர் விளம்பரங்களில் சிரிக்கும். ஐந்து இடத்திலும் அவர் எப்படிப் படித்தார்? போயிருப்பார், ஆனால் அரை மணி நேரம்தான்.

இத்தேர்வில் பிரிலிம்ஸ் தாண்டி, 1,750 மதிப்பெண்ணுக்கு மெயின்ஸ் எழுதி, அதிலும் தேறியவர்களுக்குத்தான் 275 மதிப்பெண் நேர்காணல். அந்தக் கட்டத்தில் பல சென்டர்கள் இலவசமாக மாதிரி நேர்காணல் நடத்துகின்றன. கடைசி வாசல் வரை வந்துவிட்டவர் நாலு இடத்தில் பேசிப் பார்க்கத்தானே செய்வார்? பதிவுப் படிவத்தோடு போட்டோவும் கொடுப்பார். தேர்வானால் அவர் 'எங்கள் மாணவர்'. தோற்றவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. நூறு சதவீத வெற்றி இப்படித்தான் தயாராகிறது. மெயின்ஸ் வரை தானே படித்துத் தேறியவரின் படத்தைக் காட்டி, பிரிலிம்ஸே எழுதாத பிள்ளையிடம் இரண்டு வருட வகுப்பை விற்கிறார்கள். ஏமாற்று என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காகப் பல சென்டர்களுக்கு அபராதம் போட்டது. 2024 நவம்பரில் தனி விதிமுறைகளும் கொண்டுவந்தது. படத்தோடு ரேங்க், படித்த கோர்ஸ், எத்தனை நாள், பணம் கட்டிப் படித்தாரா என்பதெல்லாம் இருக்க வேண்டும். படம் போடும் சம்மதத்தைத் தேர்வான பிறகே எழுதி வாங்க வேண்டும். சேரும்போதே படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் தந்திரம் இனிச் செல்லாது. விளம்பரத்தில் கோர்ஸ் பெயரைத் தேடுங்கள். 'நேர்காணல் வழிகாட்டல்' என்று இருந்தால் அந்த வெற்றிக்கும் உங்கள் பிள்ளை சேரப்போகும் வகுப்புக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது பணம். "இன்றைக்கே முழுசாகக் கட்டினால் சலுகை, நாளைக்கு சீட் இருக்காது" என்பார்கள். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று இருக்கும். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் வேறு மாதிரி சொல்கிறது. பன்னிரண்டு மாத வகுப்புக்கு 1,20,000 ரூபாய் கட்டிய பிள்ளை மூன்று மாதத்தில் விலகினால், மீதி ஒன்பது மாதத்துக்கான 90,000 ரூபாயைப் பத்து நாளுக்குள் தர வேண்டும். விடுதிக் கட்டணத்துக்கும் இதே கணக்குதான். ஆனால் இது மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டிய வழிகாட்டுதல். அதைக் காட்டியதும் பணம் கைக்கு வந்துவிடாது. சென்டரையே பூட்டிவிட்டுப் போனால் யாரிடம் கேட்பது? 2025 தொடக்கத்தில் வட இந்தியாவில் நுழைவுத்தேர்வு சென்டர்கள் சில திடீரென மூடியபோது, முன்பணம் கட்டிய பெற்றோர் போலீசில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் தவணையில்தான் கட்டுவேன் என்று நில்லுங்கள். விளம்பரத்தைப் போனில் படம் பிடித்து, ரசீதோடு பத்திரமாக வையுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.