எண்ணிக்கை சரியாக வந்ததற்கு யாருக்கு நன்றி?

கிடங்குகளில் ஆண்டு இலக்கை எட்டியதும் மேலாளர் ஊழியர்களைக் கூட்டி நன்றி சொல்வது வழக்கம். அதில் பெரும்பாலும் ‘கடின உழைப்பு’, ‘ஒற்றுமை’ என்ற பொதுச் சொற்களே வரும். இருப்பு எண்ணிக்கை சரியாக வந்ததற்கான நன்றியை அப்படிச் சொன்னால் போதாது என்பது என் எண்ணம். எந்தத் தவறு எந்தக் கையால் நின்றது என்று அதில் வர வேண்டும்.

இலக்கு என்பது என்ன? ரேக்குகளில் பொருள் வைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. அதை ‘பின்’ என்பார்கள். அந்த பின்னில் இத்தனை இருக்கிறது என்று கணினி சொல்லும். ஆள் போய் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால் அது சரியான பின். 100 பின்களில் 98 ஒத்துப்போனால் துல்லியம் 98 சதவீதம். இதை மொத்த ரூபாய்க் கணக்கில் பார்த்தால் ஏமாந்துபோவோம். இடப்பக்கக் கண்ணாடி 20 குறைந்து, அதே விலையுள்ள வலப்பக்கக் கண்ணாடி 20 கூடியிருந்தால், ரூபாயில் வித்தியாசமே தெரியாது. ஆனால் இரண்டு பின்களும் தவறு. எண்ணியவுடன் வந்த முதல் கணக்கைத்தான் சதவீதத்துக்கு எடுக்க வேண்டும். திருத்திய பிறகு பார்த்தால் எந்தக் கிடங்கும் 100 காட்டும்.

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயில் ஃபில்டர் பெட்டிக்கு 10 வீதம் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை அனுப்புபவர் பெட்டியை மாற்றி 12 வைத்துவிட்டார். 40 பெட்டிகள் வந்தன. பில்லில் 480 என்று இருந்ததால் வரவு 480 என்று சரியாகவே ஏறியது. தவறு வெளியே போகும்போதுதான் நடந்தது. பெட்டியை ஸ்கேன் செய்தால் கணினி பழைய கணக்கில் 10 கழிக்கும், போவதோ 12. கூடுதலாக வந்த இரண்டுக்காகக் கடைக்காரர் எவரும் புகார் செய்யவில்லை. 25 பெட்டிகள் போனதும் கணினியில் 230 மீதி. ரேக்கில் 15 பெட்டி, அதாவது 180. 50 ஃபில்டர்களைக் காணோம்.

இந்த இடத்தில்தான் கிடங்கின் குணம் தெரியும். ‘யாரோ எடுத்துவிட்டார்கள்’ என்ற சந்தேகம் முதலில் ஒப்பந்தத் தொழிலாளர்மேல் விழும். இல்லையென்றால் மேற்பார்வையாளர் 230-ஐ 180 ஆக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்; அடுத்த பெட்டி போகும்போது மறுபடி இரண்டு குறையும். அப்படி நடக்காமல் இருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர், பெட்டியைப் பிரித்து எண்ணியவர். அவருக்குக் கணினி எண்ணிக்கையைக் காட்டாமல் எண்ணச் சொல்லியிருந்தார்கள். காட்டியிருந்தால், பெட்டிக்கு எத்தனை என்று பார்க்காமலே கையிலிருந்த எண்ணை எழுதியிருக்க வாய்ப்புண்டு. இன்னொருவர், ‘எப்படி எண்ணினீங்க?’ என்று கேட்டு, பெட்டிக்கு 12 என்று கணினியில் மாற்றியவர்.

இந்தக் கிடங்கின் மேலாளர், பகல் ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில், இரு தரப்பும் நிற்கும்போது, ஐந்து நிமிடத்துக்குள் இப்படிப் பேசலாம்:

“எல்லாருக்கும் வணக்கம். வருஷ ஆரம்பத்துல 100 பின் எண்ணினா 93 சரியா இருந்துச்சு. இப்ப 98. இதுல திருத்தின கணக்கு ஒண்ணுகூட இல்ல. நீங்க முதல்ல எண்ணி எழுதினதுதான். ஆயில் ஃபில்டர் 50 குறைஞ்சப்ப, பெட்டியப் பிரிச்சுப் பார்த்த தம்பி இங்கதான் நிக்கிறார். அவர் பிரிக்கலைன்னா நாம யாரையோ சந்தேகப்பட்டிருப்போம். தம்பி, ரொம்ப நன்றி. பொருள் எடுக்கப் போய், ‘பின்ல இல்ல சார்’னு அப்பப்ப வந்து சொன்னவங்களுக்கும் நன்றி. பக்கத்து பின்ல இருந்து எடுத்துக் கொடுத்துட்டுப் பேசாம போயிருக்கலாம். அது உங்களுக்குச் சுலபம். நீங்க நின்னு சொன்னதாலதான், இடமும் வலமும் மாறிக் கிடந்த கண்ணாடிகளைக் கண்டுபிடிச்சோம். இப்ப அதுங்க ரெண்டையும் வேற வேற ரேக்குல வெச்சிருக்கோம்.

“இன்னொண்ணும் சொல்லணும். கடையில இருந்து திரும்பி வர்ற சரக்கு வைக்கிற மூலை இந்த 98-க்குள்ள வரல. அங்க பாதிப் பொருள் இன்னும் கணினியில ஏறாமலே கிடக்கு. வர்ற மாசத்துல இருந்து அதையும் எண்ணப் போறோம். ரிட்டர்ன் சரக்கைப் பிரிச்சுப் பழக்கம் இருக்கற ரெண்டு பேர் வேணும். விருப்பம் இருக்கறவங்க டீ நேரத்துல வந்து பேரு குடுங்க.”