நீர்க்கசிவுள்ள காங்கிரீட் விரிசல்களை ஊசியேற்றி அடைத்தல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இரும்பு உருட்டாலைகள் பல இயங்குகின்றன. சூடான இரும்பிலிருந்து உதிரும் செதிளை நீரால் அடித்துச் சேர்க்கும் ஆழமான காங்கிரீட் குழி இத்தகைய ஆலைகளில் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறும்போது, குழிச் சுவரின் விரிசல் வழியே வெளிநீர் உள்ளே பீறிடக்கூடும். உட்பக்கம் பூசும் சிமெண்டுச் சாந்து அங்கே நிற்காது. பின்னாலிருந்து தள்ளும் நீரழுத்தம் அதைப் பெயர்த்துவிடும். ஆகவே விரிசலின் நடுவயிற்றிலேயே அடைபொருளைச் செலுத்த வேண்டும்.

இதற்கு ஏற்றது பாலியூரித்தேன். இது நீருடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட்டு, நுரையாகப் பொங்கி இறுகும். கசியும் நீரே இங்கு வினைப்பொருளாகிறது. சிமெண்டுக் குழம்போ இறுகுவதற்குள் ஓடும் நீரில் கரைந்து போய்விடும். மேலும், 90 மைக்ரான் சல்லடையில் சலித்துச் சோதிக்கப்படும் சாதாரண சிமெண்டுத் துகள், 0.3 மில்லிமீட்டருக்கும் குறுகிய விரிசலுக்குள் நுழைவது அரிது. தேன்கூடு போன்ற பொள்ளல்களையும் சுவருக்குப் பின்னுள்ள வெற்றிடங்களையும் நிரப்பவே சிமெண்டுக் குழம்பு பொருத்தமானது; அவற்றைப் பாலியூரித்தேனால் நிரப்பினால் செலவு கட்டுப்படியாகாது.

எடுத்துக்காட்டாக, 30 செ.மீ. தடிமனுள்ள சுவரில் 3 மீட்டர் நீளச் செங்குத்து விரிசல் இருப்பதாகக் கொள்வோம். விரிசலிலிருந்து 15 செ.மீ. தள்ளி, 45 பாகை சாய்வில் துளையிட்டால், அது 21 செ.மீ. சென்றதும் சுவரின் நடுவில் விரிசலை வெட்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி, 20 செ.மீ. இடைவெளியில் துளையிட்டால் ஏறத்தாழ 15 துளைகள் தேவைப்படும். துளைத் தூளைக் கழுவி, ஒவ்வொன்றிலும் பேக்கர் எனப்படும் ஒருவழி அடைப்பானை முறுக்கிப் பொருத்துவர். முதலில் நீரைச் செலுத்திப் பார்ப்பது அவசியம்: விரிசலில் நீர் வெளிப்படாவிட்டால் துளை விரிசலைத் தொடவில்லை, அல்லது தூள் அடைத்திருக்கிறது. கம்பியில் மோதி நின்ற துளையைக் கைவிட்டு, அருகில் வேறு துளை இட வேண்டும்.

பிசின் கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கிச் செலுத்தப்படும். அடுத்த துளையருகே நுரை எட்டிப் பார்த்ததும் பம்பின் குழாயை அங்கே மாற்றுவர். அழுத்தத்தை மெல்ல மெல்லவே கூட்ட வேண்டும்; அவசரப்பட்டால் விரிசல் அகலும், சுவரே பெயரலாம். வினையூக்கி மிகுந்தால் நுரை துளைவாயிலேயே இறுகி, உள்ளே போகாது.

நீரை உறிஞ்சி உப்பும் களி வகைப் பாலியூரித்தேன் கோடையில் நிலத்தடி நீர் இறங்கியதும் காய்ந்து சுருங்கும். அடுத்த மழையில் கசிவு திரும்பும். நீர்மட்டம் ஏறியிறங்கும் இடங்களில் நீரை உறிஞ்சாத வகையே நல்லது. நுரைக்குச் சுவரைத் தாங்கும் வலிமை கிடையாது. விரிசல் ஓரத்தில் துருக்கறை தெரிந்தால் உள்ளே கம்பி அரிக்கப்பட்டிருக்கலாம். கசிவு நின்றாலும் அதைத் தனியே சோதிக்க வேண்டும். இறுகாத பிசினில் ஐசோசயனேட் இருப்பதால், காற்றோட்டமற்ற குழிக்குள் வேலை செய்வோருக்கு மின்விசிறி, கையுறை, கண்ணாடி, உரிய முகக்கவசம் ஆகியவை கட்டாயம்.