ஆச்சி அனுப்பிய மாத்திரை அட்டை

திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஊரில் தனியாக இருக்கிறார் ஆச்சி. ஒருநாள் சென்னையிலுள்ள பேரனின் வாட்ஸ்அப்புக்கு அவரிடமிருந்து ஒரு படம் வருகிறது. மாத்திரை அட்டை. கூட ஒரு சொல்லும் இல்லை. தீர்ந்துபோயிருக்கும், வாங்கி அனுப்பச் சொல்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். பேரன் ஆர்டர் போடுவதற்கு முன்னால் போன் செய்தது நல்லதாயிற்று.

"மாத்திரை தீர்ந்துட்டா ஆச்சி?"

"தீரலய்யா. பழசு இன்னும் கிடக்கு. மெடிக்கல்ல இந்தத் தடவ இதக் குடுத்தாவ. ரெண்டையும் போடணுமான்னு கேக்கத்தான் அனுப்புனேன். மூணு நாளா ரெண்டையும்தான் போடுதேன்."

பழைய அட்டையையும் படமெடுத்து அனுப்பச் சொன்னான். கம்பெனிப் பெயர்கள் வேறு, நிறம் வேறு. ஆனால் இரண்டிலும் மருந்தின் பெயர் ஒன்றே: அம்லோடிபின், 5 மில்லிகிராம். ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. வழக்கமான கம்பெனியின் சரக்கு இல்லாததால் கடைக்காரர் அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்திருக்கிறார். ஆச்சியோ அதைப் புது மருந்து என்று நினைத்து, ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் சாப்பிட்டிருக்கிறார்.

மாத்திரையை நிறத்தாலும் அட்டையாலும் அடையாளம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் எளிதில் வரும். அட்டையில் பளிச்சென்று கண்ணில் படுவது கம்பெனி வைத்த பெயர். பார்க்க வேண்டியது அதுவல்ல, மருந்தின் பெயரும் அதன் அளவும். இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையானால் இரண்டு பெயரும் அட்டையில் இருக்கும். அவற்றில் ஒன்று தனி மாத்திரையாகவும் வீட்டில் இருந்தால், அதுவும் இரட்டிப்புதான். கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் பாதியிலும், காலாவதித் தேதி முழுவதுமாகவும் போய்விடுவதுண்டு. ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளித்தாள் எழுத்தை மறைத்துவிடும். அதனால் ஃபிளாஷை அணைத்து, ஜன்னலோரம் வைத்து, இரண்டு பக்கமும் எடுத்த படம்தான் உதவும்.

அம்லோடிபின் மெதுவாக வேலை செய்து மெதுவாகக் கழியும் மருந்து. ஒருநாள் போட்டதில் பாதிக்கு மேல் மறுநாளும் உடம்பில் இருக்கும். அதனால் கூடுதலாகப் போட்டதன் விளைவு, நிறுத்தியதும் மறைந்துவிடாது. அளவு கூடினால் கணுக்கால் வீங்கலாம், எழுந்து நிற்கையில் தலை கிறுகிறுக்கலாம். வயதானவர்கள் அப்படிப்பட்ட நேரத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காலைப் பற்றிக் கேட்டதும், "சாயங்காலமானா செருப்பு இறுக்குது" என்றார் ஆச்சி. தலை சுற்றல் இல்லை. அன்றே பக்கத்து வீட்டு அக்கா அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார், இரண்டு அட்டையோடும். அழுத்தத்தை அளந்து பார்த்த டாக்டர், முன்போல ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்றார். பழைய அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கச் சொன்னார்.