மருத்துவர் மாறும்போது: நுரையீரல் பிரிவு நோயாளிகளுக்கு ஒரு விளக்கம்



நம் மருத்துவமனையின் நுரையீரல் பிரிவிலிருந்து உங்கள் இல்லங்களுக்கு அண்மையில் ஒரு கடிதம் வந்திருக்கும். இப்பிரிவில் இதுவரை உங்களைக் கவனித்து வந்த நான் மருத்துவக் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்கிறேன் என்பதும், என் இடத்தில் ஒரு மூத்த நுரையீரல் மருத்துவர் பொறுப்பேற்கிறார் என்பதும் அதன் செய்தி. மங்கலம்பேட்டையிலிருந்தும் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வரும் பலர், "இனி யாரை அழைப்பது? பழைய மருந்தே தொடருமா?" என்று கேட்கிறார்கள். அதற்கான விடையே இக்கட்டுரை.

கடிதம் ஏன் இவ்வளவு சுருக்கமாக இருக்கிறது என்று சிலர் வியந்தனர். புதியவரின் புகைப்படமோ, புகழுரையோ அதில் இல்லை. இதற்குக் காரணம் உண்டு. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நன்னெறி விதிகள், மருத்துவர் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்வதைத் தடை செய்கின்றன. தொழில் தொடங்குதல், தொழிலின் வகை மாறுதல், முகவரி மாறுதல், தற்காலிகமாகப் பணியில் இல்லாதிருத்தல், மீண்டும் பணிக்குத் திரும்புதல், இன்னொருவரின் இடத்தில் பொறுப்பேற்றல், கட்டணத்தைத் தெரிவித்தல் ஆகியவற்றை மட்டுமே பத்திரிகையில் முறைப்படி அறிவிக்கலாம். நம் கடிதமும் அந்த வரம்பைப் பின்பற்றியே எழுதப்பட்டது. ஆகவே அதில் நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கே: புதியவரின் பெயர், அவருடைய பதிவு எண், பொறுப்பேற்கும் நாள், அழைக்க வேண்டிய எண்.

இனி மருந்து, இருமல், மூச்சுத்திணறல், பரிசோதனை முடிவு ஆகிய அனைத்துக்கும் புதிய மருத்துவரையே அணுகுங்கள். என்னிடம் வரவேண்டியவை நிருவாகம் சார்ந்த குறைகளும் ஆவணக் கோரிக்கைகளும் மட்டுமே. பழகிய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உங்கள் கோப்பு இப்போது வேறொருவர் கையில் இருக்கிறது. அதைப் பாராமல் நான் ஒரு மருந்தையும், அதைப் பார்த்து அவர் ஒரு மருந்தையும் சொன்னால், ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் உங்கள் வீட்டில் சேர்ந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரையில் இப்படி நேர்ந்தால் அளவு இருமடங்காகும். அவ்வாறே, புதிய சீட்டில் காணவில்லை என்பதற்காக, நீண்ட நாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் தாமாகச் சட்டென நிறுத்துவதும் ஆபத்தானது.

அடுத்தது தொலைபேசி ஆலோசனை. இதுவரை பலர் என்னிடம் தொலைபேசியில் பேசியே மருந்தைத் தொடர்ந்து வந்தீர்கள். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு மருத்துவரை நேரில் கண்ட ஆறு மாதத்திற்குள், அதே நோய்க்காக அதே மருத்துவரிடம் பேசினால்தான் அது தொடர் ஆலோசனையாகும். மருத்துவர் மாறிவிட்டால், நீங்கள் பல்லாண்டுகளாக இம்மருத்துவமனைக்கு வந்தவராயினும், அவரைப் பொறுத்தவரை முதல் ஆலோசனைக்கு வருபவரே. முதல் ஆலோசனையில் தொலைவழியே எழுதக்கூடிய மருந்துகள் மிகக் குறைவு. ஆதலால் கையிருப்பு மருந்து தீர்வதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஒருமுறை நேரில் வந்துவிடுங்கள். அதன்பின் தொலைபேசி வழி பழையபடி திறந்திருக்கும்.

அந்த முதல் வருகையில் எதைக் கொண்டுவர வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். விருத்தாசலப் பகுதிக்கு உரிய பீங்கான் தொழிலில் இருபது ஆண்டுகள் கலவை போடும் பணியில் இருந்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மணல்சத்து கலந்த நுண்தூசியால் அவருக்குச் சிலிகோசிஸ் நோய் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்டது. இப்போது மூன்று வாரமாக இருமுகிறார். புதிய மருத்துவர் மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார். நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழல் தெரிகிறது. சிலிகோசிஸ் பெரிதும் தங்குவது மேற்பகுதியில். காசநோயும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்போ பிறரைவிடப் பல மடங்கு மிகுதி. அந்த ஒரு படத்தை மட்டும் கொண்டு, நிழல் பழையதா புதியதா என்று எவ்வளவு தேர்ந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய படம் அருகில் இருந்தால் நிலைமை மாறுகிறது. அதே நிழல் அதே அளவில் அன்றும் இருந்திருந்தால், அது பழைய வடுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிழல் வளர்ந்திருந்தாலோ, நடுவில் குழி விழுந்திருந்தாலோ, காசநோயை உடனே தேட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை எப்படியும் தேவை. ஆனால் அதன் முடிவு ஐயத்துக்கிடமாக வரும்போது, அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கப் பழைய படமே துணை செய்யும்.

எனவே பழைய எக்ஸ்ரே படங்களையும் ஸ்கேன் குறுந்தகடுகளையும் எல்லாச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். படத்தைக் கைபேசியில் எடுத்த புகைப்படம் போதாது. நுண்ணிய புள்ளிகள் அதில் மறைந்துவிடும். உட்கொள்ளும் மாத்திரைகளை அட்டையோடும், உறிஞ்சு மருந்தை அதன் கருவியோடும் எடுத்து வாருங்கள். இவற்றோடு ஒரு தாளில், எந்தப் பட்டறையில் எத்தனை ஆண்டு, எந்த வேலை என்று குடும்பத்தார் எழுதித் தருவது நல்லது. அரைத்தல், கலவை போடுதல், சூளையில் அடுக்குதல் என்று வேலைக்கு வேலை தூசியின் அளவு மாறும். "பீங்கான் கம்பெனி வேலை" என்ற ஒரு சொல்லில் அந்த வேறுபாடு தெரியாது. சிலிகோசிஸ், சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால் இக்குறிப்பு பின்னாளிலும் பயன்படும்.

படங்கள் உங்களிடம் இல்லையெனில், ஆவணப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் நகல் தரப்பட வேண்டும் என்பது மேற்சொன்ன விதிகளின் கட்டளை. ஆனால் உள்நோயாளியாக இருந்தோரின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை வைத்திருக்கவே அவ்விதிகள் கூறுகின்றன. அதைவிடப் பழையவற்றுக்கு உங்கள் வீட்டு அலமாரியே நம்பகமான இடம். மடிக்காமல், ஈரம் படாமல் வைத்திருங்கள்.

காசநோய் மருந்து உட்கொள்வோர் இந்த மாற்றத்திற்காக ஒரு நாளும் மருந்தை நிறுத்த வேண்டாம். உங்கள் சிகிச்சை நிக்ஷய் பதிவில் உங்களுக்கென வழங்கப்பட்ட எண்ணோடு இணைந்தது. மருத்துவர் மாறினாலும் அது மாறாது. அந்த எண்ணைப் புதிய மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறுதியாக ஒன்று. இருமலில் இரத்தம் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பொறுப்பில் இருப்பவர் யார் என்று பார்த்துக்கொண்டிராமல் 108ஐ அழையுங்கள், அல்லது நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மற்ற அனைத்துக்கும் கடிதத்தில் உள்ள எண்ணை உங்கள் புறநோயாளி அட்டையின் மேல் எழுதி வைத்துக்கொண்டு, அட்டையில் உள்ள என் பழைய எண்ணை அடித்துவிடுங்கள்.