மூன்று வரிக் கடிதத்தின் கணக்கு

மென்பொருள் நிறுவனத்தின் ப்ராஜெக்ட் மேனேஜர் வாடிக்கையாளருக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "பட்ஜெட் 36 லட்சம், மாற்றமில்லை. குழு 6 பேரிலிருந்து 8 பேராகிறது. ஒப்படைப்பு 4 மாதத்துக்குப் பதில் 3 மாதத்தில்."

கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆறு பேர் நான்கு மாதம் உழைத்தாலும், எட்டுப் பேர் மூன்று மாதம் உழைத்தாலும் 24 ஆள்-மாதம்தான். ஒரு ஆள்-மாதத்துக்கு ஒன்றரை லட்சம்.

சிக்கல் கடிதத்தில் இல்லாத வரியில் இருக்கிறது. ஆறு பேர் ஒருவரோடொருவர் பேச 15 இணைப்புகள் போதும். எட்டுப் பேருக்கு 28 வேண்டும். புதிதாக வரும் இருவருக்கும் வேலையைச் சொல்லிக்கொடுப்பது பழைய ஆட்கள்தான். அந்த நேரத்தில் அவர்கள் வேலை நிற்கும். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் இதையே எழுதினார்: தாமதமான பணியில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும்.

ஆகவே இப்படியொரு கடிதம் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வசதிகளைக் குறைத்தீர்கள்? சோதனைக்கு எத்தனை நாள்? பதில் வராவிட்டால், அந்த ஒரு மாதம் பெரும்பாலும் சோதனையிலிருந்து வெட்டப்பட்டதுதான்.