தேதி மட்டும் தெரிந்தால் பொருத்தம் பார்க்க முடியுமா?

மனசுக்குப் பிடித்தவரின் பிறந்தநாளைக் கண்டுபிடிப்பது இப்போது பெரிய வேலையில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கேக் படம் வந்துவிடும். பிறந்த நேரம்தான் கிடைக்காது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சரி, தேதியை மட்டும் வைத்துக்கொண்டு நம்மூர் முறையில் எவ்வளவு தூரம் போகலாம்?

நம் ஊரில் பத்துப் பொருத்தம் என்பது சந்திரன் நின்ற நட்சத்திரத்தை வைத்துத்தான். பிறந்த தேதி எண்களைக் கூட்டிப் பார்க்கும் எண்கணிதம் வேறு சமாச்சாரம். அதில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே விடைதான் வரும். நட்சத்திரத்துக்கு வருடமும் வேண்டும். ஒரே ஜனவரி 1 வருடத்துக்கு வருடம் வேறு நட்சத்திரத்தில் விழும். ஆகவே அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுங்கள், அல்லது போனில் உள்ள பஞ்சாங்கச் செயலியில் தேதியைப் போடுங்கள்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ 21 முதல் 27 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அது நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை. அதனால் பெரும்பாலான தேதிகளில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும். காலண்டரில் 'பகல் 3.20 வரை ரோகிணி, பின்பு மிருகசீரிஷம்' என்று போட்டிருப்பது இதைத்தான்.

ஒரு பெண் 5.2.2000-இல் பிறந்தவள் என்று வைத்துக்கொள்வோம். அன்று தை அமாவாசை. இரவு ஒன்பது மணி வாக்கு வரை திருவோணம், அப்புறம் அவிட்டம். 24 மணியில் 21 மணி நேரம் திருவோணம் என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். தன்னுடையது என்பதால் அம்மாவிடம் கேட்டு உறுதி செய்வதும் சுலபம். அவளுக்குப் பிடித்த பையன் 1.1.2000-இல் பிறந்தவன். அன்று மாலை ஆறரை மணி வாக்கு வரை சுவாதி, பிறகு விசாகம்.

முதலில் தினப் பொருத்தம். பெண்ணின் நட்சத்திரத்தையும் சேர்த்து ஆணின் நட்சத்திரம் வரை எண்ணி, ஒன்பதால் வகுக்க வேண்டும். மீதி 2, 4, 6, 8 அல்லது 0 வந்தால் பொருத்தம். திருவோணத்திலிருந்து சுவாதி 21-ஆவது. மீதி 3, பொருத்தமில்லை. விசாகம் 22-ஆவது, மீதி 4, பொருத்தம் உண்டு.

அடுத்தது ரஜ்ஜு. ஜோசியர்கள் மிகவும் கறாராக இருப்பது இதில்தான். 27 நட்சத்திரங்களும் பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று ஐந்தாகப் பிரிந்திருக்கும். இருவரும் ஒரே பிரிவில் வரக் கூடாது. திருவோணமும் சுவாதியும் கழுத்து. 'ரஜ்ஜு தட்டுது' என்று ஜாதகத்தை மூடிவிடுவார்கள். விசாகமோ வயிறு, தடையில்லை.

அப்படியானால் விசாகமே தேவலை என்று நினைத்தால், கணம் குறுக்கே வருகிறது. திருவோணமும் சுவாதியும் தேவ கணம், நன்றாகப் பொருந்தும். விசாகம் ராட்சச கணம், பொருந்தாது.

ஆக, ஒரே பையன், ஒரே தேதி. ஆறரைக்கு முன்னால் பிறந்திருந்தால் தினமும் ரஜ்ஜுவும் போச்சு, கணம் உண்டு. பின்னால் பிறந்திருந்தால் எல்லாம் தலைகீழ். தேதியை மட்டும் போட்டதும் 'பத்துக்கு ஏழு' என்று சொல்லும் செயலிகள் நீங்கள் தராத நேரத்துக்கு எதையோ தானாகவே எடுத்துக்கொண்டிருக்கும். எதை என்பது உங்களுக்குத் தெரியாது.

தேதியால் உறுதியாகக் கிடைப்பது ராசிப் பொருத்தம். ஒரு ராசியில் சந்திரன் இரண்டேகால் நாள் இருப்பதால் பல தேதிகளில் நாள் முழுக்க ஒரே ராசிதான். 1.1.2000 முழுக்கத் துலாம். திருவோணம் மகரம். மகரத்திலிருந்து துலாம் பத்தாவது. ஆறைத் தாண்டினால் நல்லது என்பது விதி. எத்தனை மணிக்குப் பிறந்திருந்தாலும் இந்த ஒரு பொருத்தம் அவர்களுக்கு உண்டு.

இன்னும் இரண்டு இடறல்கள் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் நட்சத்திரம் மாறும் நேரத்தில் மணிக்கணக்கில் வேறுபடும். நான் மேலே சொன்னவை திருக்கணிதத்தை ஒட்டியவை. மற்றது, ஜூன் மாதப் பிறந்தநாள். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைச் சரிக்கட்டி எழுதிய தேதிகள் நம் குடும்பங்களில் ஏராளம். சான்றிதழ் தேதியும் வீட்டில் பாயசம் வைக்கும் தேதியும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இந்தக் கணக்குகள் மரபின் நம்பிக்கை. இரண்டு பேர் ஒத்துப்போவார்களா என்பதை இவை அளக்கும் என்று நான் நினைக்கவில்லை. விளையாட்டாகப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பையன் பிறந்தது ஆறரைக்கு முன்னாலா பின்னாலா என்பது அவன் அம்மாவுக்குத்தான் தெரியும். அதைக் கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டால், பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டிய அவசியமும் அநேகமாக இருக்காது.